நடக்காத ஆட்டத்தின் விலை

2025 மே 25, ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்றரை மணி ஐபிஎல் ஆட்டம். அகமதாபாத்தில் குஜராத்தும் சென்னையும். சேலத்தில் எங்கள் தெருமுனைத் தட்டுவடை செட் கடையில் அந்த நேரத்துக்கு எண்ணெய்கூடக் காய்ந்திருக்காது. ஆனாலும் நாங்கள் நாலு பேர் ஆளுக்கொரு சீட்டை எழுதி அக்காவின் கல்லாப்பெட்டியில் போட்டுவிட்டோம்.

இந்தச் சீட்டு விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. பணம் கிடையாது. பந்தயச் செயலி எதையும் நான் தொட்டதில்லை. அதே 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை மொத்தமாகத் தடை செய்தபோது எனக்கு இழப்பும் இல்லை. நாங்கள் எழுதுவது சதவீதம் மட்டும். இந்த அணி ஜெயிக்க இத்தனை வாய்ப்பு என்று ஒரு எண். ஆட்டம் முடிந்ததும் எண்ணுக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அதே எண்ணால் பெருக்கி எழுதிக்கொள்வோம். 70 சதவீதம் என்று எழுதி அந்த அணி ஜெயித்தால் வித்தியாசம் 0.3, அபராதம் 0.09. தோற்றால் வித்தியாசம் 0.7, அபராதம் 0.49. பாதிக்குப் பாதி என்று எழுதினால் எது நடந்தாலும் 0.25. மாதக் கடைசியில் அபராதம் அதிகம் சேர்ந்தவர் எல்லோருக்கும் செட் வாங்கித் தர வேண்டும். வானிலைக்காரர்கள் மழைக் கணிப்பைச் சரிபார்க்கும் பழைய கணக்கு இது. வெள்ளிப் பட்டறை அண்ணன் இதற்கு வைத்த பெயர் ‘வாய்க்கொழுப்பு வரி’.

அன்றைக்கு நான் குஜராத்துக்கு 68 எழுதினேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவர்கள் புள்ளிப் பட்டியலில் முதலிடம், கையில் 18 புள்ளி, சொந்த மைதானம். ஜெயித்தால் 20. முதல் இரண்டு இடங்களில் ஒன்று உறுதி, அதாவது ஒரு தோல்வியைத் தாங்கிக்கொண்டு இறுதிக்குப் போகும் வாய்ப்பு. சென்னையோ ஏப்ரல் 30 அன்றே வெளியேறிவிட்டது. பதிமூன்று ஆட்டத்தில் மூன்றே வெற்றி. அவர்களுக்கு இது ஒப்புக்கு ஆடும் செத்த ஆட்டம். வெளிநாட்டுப் பந்தயச் சந்தைகளின் விலை திரையில் தெரியும். அவையும் குஜராத் பக்கம்தான் சாய்ந்திருந்தன.

சென்னை 230. குஜராத் 147க்குச் சுருண்டது. 83 ரன் தோல்வி. என் அபராதம் 0.46. எப்போதும் சென்னைக்கு 90 எழுதும் அக்காவின் மகன் அன்றைக்கு 0.01 வாங்கிக்கொண்டு, கிரிக்கெட்டைக் கண்டுபிடித்தவனே தான்தான் என்பதுபோலத் திரிந்தான்.

தோற்றதில் வருத்தமில்லை. 68 என்றாலே மூன்றில் ஒரு முறை தவறும் என்றுதான் பொருள். ஆனால் அன்றிரவு நோட்டைப் புரட்டியபோது வேறொன்று உறுத்தியது. நான் எழுதிய 68 எந்தச் சென்னைக்கு எதிரான 68?

முதலில் விலை என்றால் என்ன என்று இரண்டு வரி. ஒரு ரூபாய் கட்டி அந்த அணி ஜெயித்தால் கைக்கு வரும் மொத்தத் தொகைதான் விலை. ஒரு அணிக்கு 1.50, மற்றதற்கு 2.60 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை 1.50-ஆல் வகுத்தால் 66.7 சதவீதம். ஒன்றை 2.60-ஆல் வகுத்தால் 38.5. கூட்டினால் 105.2 வருகிறது. நூறுக்கு மேலே நிற்கும் அந்த 5.2தான் பந்தயக் கடைக்காரரின் லாபம். அதைக் கழித்து விகிதப்படி சுருக்கினால் முதல் அணிக்கு 63 சொச்சம். இந்த எண் வானத்திலிருந்து விழுவதில்லை. இரு அணிகளும் இந்த சீசனில் என்ன செய்தன, அதற்கு முன் என்ன செய்தன, மைதானம், பனி என்று போட்டு ஒரு பலக் கணக்கு உண்டு. அதன் மேல் பணம் போடுபவர்கள் இழுக்கும் இழுப்பு. சீசனின் நடுவில் இது பிரமாதமாக வேலை செய்யும். பட்டறை அண்ணன் என்னதான் பீற்றிக்கொண்டாலும், நீண்ட நாள் கணக்கில் சந்தை விலையைவிடக் குறைவான அபராதம் வாங்குவது லேசான காரியமில்லை.

பலக் கணக்கின் உயிர் ஒரே ஒரு அனுமானத்தில் இருக்கிறது. நேற்று ஆடிய அணியே இன்றும் ஆடுகிறது, நேற்று ஆடியதுபோலவே ஆட முயல்கிறது. சீசன் கடைசியில் முதலில் உடைவது அதுதான்.

அந்த 230ஐப் பிரித்துப் பாருங்கள். ஆயுஷ் மாத்ரே 17 பந்தில் 34. உர்வில் படேல் 19 பந்தில் 37. டெவால்ட் பிரேவிஸ் 23 பந்தில் 57. மூன்றும் சேர்ந்து 128 ரன். மார்ச் 23 அன்று சேப்பாக்கத்தில் மும்பைக்கு எதிராகச் சென்னை சீசனைத் தொடங்கியபோது இந்த மூவரில் ஒருவர்கூட அணியில் இல்லை. ருதுராஜ் முழங்கை முறிவில் வெளியே போக, குர்ஜப்னீத் சிங்கும் வன்ஷ் பேடியும் காயத்தில் விலக, சீசன் நடுவில் மாற்றாக வந்தவர்கள். மாத்ரேயின் முதல் ஆட்டம் ஏப்ரல் 20, பிரேவிஸ் ஏப்ரல் 25, உர்வில் மே 7. பாதிக்கு மேல் ரன் எடுத்தவர்கள், நான் பலக் கணக்கில் எடை போட்டு வைத்திருந்த சென்னையில் பெரும்பாலும் இல்லாதவர்கள். பதிமூன்று ஆட்டங்களின் சராசரி என்று நான் பெருமையாக எழுதிய எண், கலைந்துபோன ஒரு அணியின் பழைய போட்டோ.

இது ‘ஊக்கம்’ என்று எல்லோரும் பேசுவதைவிடச் சாதாரணமான காரணம். வெளியேறிய அணியின் தலைமை அடுத்த வருடத்துக்கு யாரை வைத்துக்கொள்வது என்று பார்க்கத் தொடங்குகிறது. அதனால் பதினொருவர் மாறுகிறார்கள். உள்ளே வரும் பையனுக்கு அந்த ஆட்டம் செத்த ஆட்டமே இல்லை. அடுத்த ஏலத்துக்கு முன் அவனுக்குக் கிடைக்கும் நாலைந்து வாய்ப்புகளில் ஒன்று. புள்ளிப் பட்டியலில் செத்த ஆட்டம், ஆடுபவனின் பிழைப்பில் உயிருள்ளது. பட்டியலை மட்டும் பார்த்து ‘ஊக்கம் இல்லை’ என்று எழுதுபவர் அணியையும் ஆளையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார். நானும் அப்படித்தான் செய்தேன்.

அந்த வாரம் முழுக்கவே விசித்திரம். மே 22 அன்று, ஏற்கெனவே வெளியேறிய லக்னோ இதே அகமதாபாத்தில் குஜராத்தை 33 ரன்னில் வென்றது. மிட்செல் மார்ஷ் 64 பந்தில் 117. 23 அன்று, முன்பே வெளியேறிய ஐதராபாத் பெங்களூருவை 42 ரன்னில். 24 அன்று, முன்பே வெளியேறிய டெல்லி பஞ்சாபுக்கு எதிராக 207ஐத் துரத்திப் பிடித்தது. 25 அன்று சென்னை. நாலு நாள், நாலு ஆட்டம், நாலிலும் முதல் இரண்டு இடத்துக்கு மோதிக்கொண்டிருந்த அணி, போக்கிடம் இல்லாத அணியிடம் தோற்றது.

கடையில் அன்றைக்கே தத்துவம் பிறந்துவிட்டது. “இழக்க ஒண்ணுமில்லாதவன்கிட்ட மோதக் கூடாதுங்க தம்பி. இனிமே வெளியே போன டீம் பக்கமே எழுதிடப் போறேன்” என்றார் அண்ணன்.

எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு சின்னப் பெருக்கல் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் வெளியேறிய அணிக்கு 40 சதவீத வாய்ப்பு என்று வைத்தால் நாலும் தொடர்ந்து நடக்க 0.4-ஐ நாலு முறை பெருக்க வேண்டும். 2.6 சதவீதம் வருகிறது. அரிது, ஆனால் அதிசயம் இல்லை. பதினெட்டு சீசன் பார்த்தவன் கண்ணில் இப்படி ஒரு வாரம் எப்போதாவது பட்டே தீரும். பட்டதும் அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வான். மே 27 அன்று அண்ணன் சொன்னபடியே லக்னோவுக்கு 60 எழுதினார். ரிஷப் பந்த் 61 பந்தில் ஆட்டமிழக்காமல் 118 எடுத்து, லக்னோ 227 அடித்தது. அண்ணன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். ஜிதேஷ் சர்மா 33 பந்தில் 85 அடித்து, பெங்களூரு எட்டுப் பந்து மிச்சம் வைத்து முடித்தது. காலர் இறங்கியது.

ஆக, செத்த ஆட்டம் என்றால் சின்ன அணி ஜெயிக்கும் என்பதல்ல விஷயம். விலை எந்தப் பக்கம் தவறும் என்பதும் தெரியாது. எவ்வளவு தவறும் என்பதும் தெரியாது. இதை எனக்கு முதலில் புரியவைத்தது ஐபிஎல் அல்ல, ஏற்காட்டு பஸ்.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். ஏற்காட்டில் கோடை விழா சமயத்தில் ஒரு டென்னிஸ் பால் போட்டி. ஆறு அணி, எல்லோரும் எல்லோருடனும் ஒரு முறை. சேலத்திலிருந்து போன எங்கள் அணி முதல் நாலையும் தோற்றுவிட்டது. ஐந்தாவது, நாலையும் ஜெயித்து அரையிறுதியை உறுதி செய்துவிட்ட அணியுடன். அவர்களிடம் ஒரு வேகப்பந்து வீச்சாளர் இருந்தார். அவர் ஓடி வரும்போது விக்கெட் கீப்பர் கிட்டத்தட்டக் காப்பித் தோட்ட வேலிக்கே போய்விடுவார். மைதானத்தில் இருந்த எல்லோரும் எங்களுக்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு என்றார்கள். தயவு பண்ணித்தான் அதையும் சொன்னார்கள்.

ஆனால் பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றும் பெரியவருக்கு மட்டும் வேறு விஷயம் தெரிந்திருந்தது. அந்த வேகப்பந்துக்காரர் மதியம் இரண்டரை மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு சேலம் பஸ்ஸில் ஏறிவிட்டார். அரையிறுதி மறுநாள் மதியம்தானே, காலையில் மேலே வந்தால் போதும் என்று வீட்டுக்குப் போய்விட்டார். இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிப் போனவர் இனி எங்களுக்குப் பந்து போடப் போவதில்லை. மைதானத்தில் இருந்த எங்களுக்கு டாஸ் வரை தெரியாது. எங்கள் கேப்டனும் அவர் பங்குக்குப் பதினாறு வயதுப் பையனை முதலில் இறக்கினார், கீப்பரைப் பந்து போடச் சொன்னார். நாங்கள் ஜெயித்துத் தொலைத்தோம். இன்றைக்கும் எங்கள் கேப்டன் அதைத் தன் வியூகம் என்கிறார்.

இப்போது யோசியுங்கள். டாஸுக்கு ஒரு மணி நேரம் முன்பு அந்த ஆட்டத்துக்குச் சரியான விலை என்ன?

எண்ணை வைத்துப் பார்ப்போம். முழு அணியுடன் இறங்கினால் பெரிய அணிக்கு 75 சதவீத வாய்ப்பு. முக்கிய ஆட்களை உட்காரவைத்தால் 45. உட்காரவைக்க 60 சதவீத வாய்ப்பு என்று சந்தை ஊகிக்கிறது. அப்போது மொத்தக் கணக்கு: 0.6 முறை 0.45 ஆக 0.27. 0.4 முறை 0.75 ஆக 0.30. கூட்டினால் 57 சதவீதம். லாபம் சேர்க்காத விலை 1.75. கணக்கில் பிழையே இல்லை. ஆனால் அணிப் பட்டியல் வந்த நிமிடமே அது 1.33 ஆகும், இல்லையேல் 2.22 ஆகும். 57 சதவீத ஆட்டம் என்று ஒன்று மைதானத்தில் நடக்கப்போவதே இல்லை. நடக்கப்போவது 75 அல்லது 45. திரையில் ஒளிரும் 1.75, நடக்காத ஆட்டத்தின் விலை.

சாதாரண ஆட்டத்திலும் கொஞ்சம் இப்படி உண்டுதான். காயம், காய்ச்சல் என்று ஒரு ஆள் மாறுவார். இரண்டு சாத்தியங்களுக்கும் நடுவில் மூன்று நாலு சதவீதம் வித்தியாசம் வரும். செத்த ஆட்டத்தில் அந்த இடைவெளி முப்பது. இடைவெளி பெரிதாக இருக்கும்போது, எந்தப் பக்கம் என்று முன்கூட்டித் தெரிந்தவர், அதாவது டீக்கடைப் பெரியவர், சந்தைக்கு வந்தால் விலை போட்டவர் நஷ்டப்படுவார். அதனால் விலை போடுபவர்கள் இந்த ஆட்டங்களில் தயங்கித்தான் திறக்கிறார்கள். லாப விகிதத்தை அகலமாக வைப்பார்கள், ஒருவர் எவ்வளவு போடலாம் என்ற வரம்பைக் குறைப்பார்கள். வரம்பு குறைந்தால் பெரிய பணம் வராது. பெரிய பணம் வராவிட்டால் விலையைத் திருத்தும் கைகளும் குறையும். தடித்த சந்தையில் தவறான விலை அரைமணியில் சரியாகும். மெலிந்த சந்தையில் அது அணிப் பட்டியல் வரும்வரை அப்படியே குந்தியிருக்கும்.

இதற்கு நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் உதாரணம் ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது. 2014 மார்ச் 25 அன்று பயர்ன் மியூனிக் பெர்லினில் ஹெர்த்தாவை வென்று பட்டத்தை முடித்துவிட்டது. இன்னும் ஏழு ஆட்டம் பாக்கி. அந்த லீகில் அவர்கள் 2012 அக்டோபருக்குப் பிறகு தோற்கவே இல்லை. அடுத்த ஆட்டம் ஹோஃபன்ஹைமுடன் 3-3. அதற்கடுத்தது ஏப்ரல் 5, ஆக்ஸ்பர்க்கில். தேதியைக் கவனியுங்கள். ஏப்ரல் 1 அன்று சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் மான்செஸ்டர் யுனைடெடுடன் முதல் சுற்று 1-1. ஏப்ரல் 9 அன்று மறு சுற்று. நடுவில் பட்டத்துக்கு ஒரு பைசா சம்பந்தமில்லாத லீக் ஆட்டம். பயிற்சியாளர் குவார்டியோலா முக்கிய ஆட்களை விட்டுவிட்டு இளைஞர்களை இறக்கினார். எதிரே ஐரோப்பியப் போட்டி இடத்துக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்த ஆக்ஸ்பர்க். 1-0. 53 ஆட்டத் தோல்வியில்லா வரிசை அங்கே முடிந்தது. 9ஆம் தேதி மான்செஸ்டரை 3-1 என்று வென்றார்கள். 12ஆம் தேதி சொந்த மைதானத்தில் டோர்ட்முண்டிடம் 0-3.

இதைப் படித்ததும் ‘பட்டம் முடிந்த அணிக்கு எதிராக எழுது’ என்று விதி எழுதத் தோன்றும். மிச்சக் கதையையும் பாருங்கள். கடைசி நாலு லீக் ஆட்டத்தையும் பயர்ன் ஜெயித்தது. அதில் ஏப்ரல் 26 அன்று பிரேமனுடன் ஆடிய ஆட்டம், ரியல் மாட்ரிட்டுடன் ஆடிய இரண்டு அரையிறுதிச் சுற்றுக்கும் நடுவில் வந்தது. ஆக்ஸ்பர்க் ஆட்டத்தின் அதே ஜாதகம். 5-2 வெற்றி.

அதே பட்டம் முடிந்த அணி, அதே இரண்டு பெரிய ஆட்டத்துக்கு நடுவிலான நாள், எதிரெதிர் முடிவு. எனக்கு இதில் பிடித்ததே இந்த முரண்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். செத்த ஆட்டத்தில் ஒரு அணிதான் செத்திருக்கும். மற்றதற்குத் தேவை இருக்கும். ‘கட்டாயம் ஜெயிக்க வேண்டும்’ என்ற சொல் விளம்பரத்தில் ஓடத் தொடங்கியதும் கூட்டம் அந்தப் பக்கம் சாயும். என் அனுபவத்தில் சீட்டு எழுதுபவர்கள் அதிகம் வரி கட்டுவது இங்கேதான்.

2016 மே 15, இங்கிலாந்து பிரீமியர் லீகின் கடைசி நாள். டாட்டன்ஹாம் நியூகாசிலுக்குப் போகிறது. ஒரு புள்ளி எடுத்தால் இரண்டாம் இடம், பக்கத்து வீட்டுப் பகையாளியான ஆர்செனலுக்கு மேலே. நியூகாசில் நாலு நாளுக்கு முன்பே கீழ்ப் பிரிவுக்கு இறங்குவது உறுதியாகிவிட்டது. நியூகாசில் 2-1 என்று முன்னிலையில் இருந்தபோது அவர்களின் மித்ரோவிச் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். பத்துப் பேர். அதற்குப் பிறகும் மூன்று கோல் போட்டார்கள். 5-1. டாட்டன்ஹாம் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது.

ஏன்? ஒருமுறை நடந்ததற்கு ஒரே காரணம் சொல்பவரை நான் நம்புவதில்லை. ஆனால் பார்க்க வேண்டியவை இருந்தன. டாட்டன்ஹாமின் உண்மையான சீசன் மே 2 அன்றே முடிந்துவிட்டது. செல்சியுடன் 2-2 ஆகி லெஸ்டருக்குப் பட்டம் போன இரவு. நியூகாசிலில் பயிற்சியாளர் பெனிதெஸ் தங்குவாரா போவாரா என்ற கேள்வி. அரங்கம் முழுக்க அவரை இருக்கச் சொல்லிப் பாடிக்கொண்டிருந்தது. பட்டியலில் தேவை இருந்த அணிக்கு மனம் இல்லை; தேவை இல்லாத அணிக்குக் கூட்டமும் காரணமும் இருந்தது. அதே மாலை ஆர்செனல் ஆஸ்டன் வில்லாவை 4-0 என்று வென்று இரண்டாம் இடத்துக்கு ஏறியது. வில்லாவும் ஏற்கெனவே இறங்கிவிட்ட அணிதான். ஒரே நாள், இரண்டு இறங்கிய அணிகள், ஒன்று ஐந்து போட்டது, ஒன்று நாலு வாங்கியது.

கடைசி வாரத்தில் தேவையோடு நிற்கும் அணி ஏன் அந்த நிலையில் நிற்கிறது என்றும் கேட்டுப் பார்க்கலாம். இறங்காமல் தப்பிக்க ஜெயித்தே ஆக வேண்டிய அணிக்கு அந்த நெருக்கடி வந்ததே, சீசன் முழுக்க ஜெயிக்கத் தெரியாததால். தேவை வந்தவுடன் திறமை வந்துவிடுமானால் நவம்பரிலேயே வந்திருக்கும். சந்தையும் அதன் தேவையைப் பார்த்துத்தான் விலை போட்டிருக்கிறது. நாம் மேலே இன்னொரு முறை தேவையைச் சேர்த்தால் ஒரே சரக்குக்கு இரண்டு முறை சுங்கம் கட்டுகிறோம்.

இரு அணிக்கும் ஒரே முடிவு வசதியாக இருக்கும் ஆட்டம் தனி ரகம். 1982 உலகக் கோப்பையில் ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும். அல்ஜீரியா முந்தின நாளே தன் ஆட்டத்தை முடித்துவிட்டதால் எந்த ஸ்கோர் போதும் என்று இருவருக்கும் தெரியும். பத்தாவது நிமிடம் ஜெர்மனி ஒரு கோல். 1-0 இருவருக்கும் போதும். மிச்சம் எண்பது நிமிடம் பந்தை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அல்ஜீரியா வெளியே. அதன் பிறகுதான் பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கும் வழக்கம் வந்தது. அந்த மாதிரி ஆட்டத்துக்கு நான் சீட்டே எழுதுவதில்லை. பலக் கணக்குக்கு அங்கே வேலை இல்லை.

அந்த மே மாதத்துக்குப் பிறகு என் நோட்டில் சில பழக்கம் மாறியிருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பக்கத்தில் இரண்டு அணிக்கும் தனித்தனியாக ஒரு கட்டம். பாக்கி ஆட்டங்களில் கிடைக்கக்கூடிய மொத்தப் புள்ளியை இருப்பதோடு கூட்டி, எந்த இடம் மாற முடியும் என்று பார்த்து, ‘உயிர்’ அல்லது ‘இல்லை’. இது வெறும் கூட்டல், யாரும் செய்யலாம். அதற்குக் கீழே கொஞ்சம் மெனக்கெட வேண்டிய வரி: கடைசி இரண்டு ஆட்டத்தில் இறங்கிய பதினொருவரில் எத்தனை பேர் சீசனின் முதல் இரண்டு ஆட்டத்திலும் இருந்தார்கள். சென்னைக்கு அன்று இதைச் செய்திருந்தால் 68 எழுதும் கை நடுங்கியிருக்கும். பாதிக்குக் கீழே போனால் அணியின் சராசரியைத் தூக்கி வைத்துவிட்டு ஆள் ஆளாகக் கூட்டிப் பார்க்கிறேன். அப்படிப் பார்த்தாலும் பிரேவிஸுக்கு நாலைந்து இன்னிங்ஸ்தான் கையில். அதிலிருந்து என்ன பெரிதாகத் தெரிந்துவிடும்? அதனால் எண்ணை 50 பக்கம் நகர்த்துகிறேன். 68 வந்தால் 58 எழுதுவேன். இதில் ஒரு சூத்திரமும் கிடையாது, பயம்தான்.

முடிந்தால் டாஸ் வரை காத்திருக்கிறேன். கால்பந்தில் இது நன்றாக உதவும். ஆட்டத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே பட்டியல் வந்துவிடும், விலை துள்ளுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஐபிஎல்லில் அத்தனை சுத்தமில்லை. 2023 முதல் கேப்டன் இரண்டு பட்டியலோடு டாஸுக்கு வரலாம், எது என்று டாஸ் முடிந்து சொல்லலாம், போதாததற்கு ஆட்டத்தின் நடுவில் மாற்றி இறக்கும் இம்பேக்ட் ஆள் வேறு. டாஸிலும் ஒரு கதவு திறந்தே கிடக்கும்.

இன்னொன்று யாரும் அதிகம் கவனிக்காதது. செத்த ஆட்டங்களின் முடிவை அப்படியே அடுத்த சீசனின் தொடக்கக் கணக்கில் கொட்டினால் அங்கேயும் விஷம் பரவும். ஆக்ஸ்பர்க், டோர்ட்முண்ட் தோல்விகளை முழு எடையில் சேர்த்தால் 2014 ஆகஸ்டில் பயர்ன் உள்ளதைவிட நோஞ்சானாகத் தெரியும். அதனால் அந்த ஆட்டங்களுக்குப் பாதி எடைதான் கொடுக்கிறேன். முழுக்க விட்டுவிடுவதில்லை. கடைசி வாரத்தில் அடித்த பையன் அடுத்த வருடமும் இருப்பான் என்றால், அந்தப் பாதியில் வருங்காலம் கொஞ்சம் இருக்கிறது.

வாத்தியார் ஒருவர் எங்கள் கடைக் குழுவில் உண்டு. அவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: “சரிப்பா, அப்படின்னா ஏற்காட்டுல அன்னிக்கு நீ என்ன எழுதியிருப்ப?”

டீக்கடைக்காரரைக் கேட்காமல் எழுதியிருக்க மாட்டேன் என்றேன்.

“அவர்கிட்ட கேட்டா சொல்லியிருப்பாரா?”

சொல்லியிருப்பார். டீ வாங்கினால் அவர் எல்லாருக்கும் எல்லாம் சொல்வார். எங்கள் அணி அன்றைக்குக் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டது, அவ்வளவுதான்.

அந்த மே மாதக் கணக்கை அக்கா கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். குஜராத்தின் இரண்டு ஆட்டம், பெங்களூரு, பஞ்சாப் எல்லாம் சேர்ந்து நான்தான் கடைசி. பட்டறை அண்ணன் காரம் கூடுதலாக இரண்டு செட் சொன்னார். அக்காவின் மகன், பீட்ரூட் துருவல் தனக்கு எக்ஸ்ட்ரா வேண்டும் என்றான்.